குமிழ் கரண்டைத் தின்னுமா?

சண்டை தொடங்கியது 0.02 அம்பியரில்.

திருகோணமலையில் நான் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் கொட்டிலில், ஒரு மாலை வகுப்பு முடிந்த பிறகு, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் இரண்டு பிள்ளைகள் மேசையில் ஒரு மின்சுற்று அமைத்துக்கொண்டிருந்தார்கள். பெயர்கள் வேண்டாம். ஒருத்தி உப்புவெளிக்காரி, மற்றவள் கிண்ணியாக்காரி என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு பெரிய ரோச் பற்றரி, பித்தளைக் கழுத்தில் 2.5 வோல்ற்று 0.3 அம்பியர் என்று பொறித்த சின்னக் குமிழ், ஒரு சுவிட்ச். குமிழுக்கு முன்னால் ஒரு அம்பியர்மானி, பின்னால் இன்னொன்று. முன்னால், பின்னால் என்பது பற்றரியின் நேர் முனையிலிருந்து எண்ணிக்கொண்டு போகும் வரிசை.

சுவிட்சைப் போட்டார்கள். முன்னால் 0.30. பின்னால் 0.28.

"பாத்தியா, நான் சொன்னனான் தானே," என்றாள் உப்புவெளிக்காரி. "0.02 குமிழுக்குள்ள செலவாகிட்டுது."

"புத்தகத்தில ரெண்டு பக்கமும் ஒரே அளவு எண்டுதானே இருக்கு?"

"புத்தகத்தை விடு. ஊசியைப் பார். செலவாகாட்டி வெளிச்சம் எங்க இருந்து வருது? பற்றரி ஏன் முடியுது? மாசம் மாசம் கரண்ட் பில் ஏன் வருது?"

கிண்ணியாக்காரியிடம் பதில் இல்லை. புத்தகம் ஒரு பக்கம் நிற்க, ஊசி மறுபக்கம் நின்றது. நான் அப்போதைக்கு வாயைத் திறக்கவில்லை. "சேர் சொன்னவர்" என்று முடிந்துபோகும் விஷயம் பரீட்சைக்கு மறுநாளே மறந்துபோகும் என்பது என் அனுபவம்.

உப்புவெளிக்காரியின் எண்ணம் அவளுடையது மட்டுமல்ல. 1980களின் தொடக்கத்தில் நியூசிலாந்தில் ரோஜர் ஒஸ்போர்ன் என்ற ஆய்வாளர் பிள்ளைகளிடம் பற்றரியையும் குமிழையும் கொடுத்து, மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று கேட்டுப் பார்த்தார். ஒரு கம்பியால் மட்டுமே வருகிறது என்றார்கள் சிலர். இரண்டு முனையிலிருந்தும் வந்து குமிழுக்குள் மோதுகிறது என்றார்கள் சிலர். சுற்றித்தான் வருகிறது, ஆனால் குமிழில் கொஞ்சம் குறைந்து திரும்புகிறது என்றார்கள் இன்னும் சிலர். இந்த மூன்றாவது எண்ணம்தான் பிடிவாதமானது. முதல் இரண்டையும் ஒரு பரிசோதனையால் கலைத்துவிடலாம். மூன்றாவது, சுற்று என்றால் என்ன என்று விளங்கிக்கொண்ட பிள்ளையிடமும் குந்தியிருக்கும்.

எங்கள் பேச்சு வழக்கு இதற்கு நல்ல உரம். மின்சாரம் நின்றால் கரண்ட் போச்சு என்கிறோம். பழைய குளிர்சாதனப் பெட்டி கரண்ட் தின்னுது என்கிறோம். மாதக் கணக்கு வந்தால் அது கரண்ட் பில். மின்வழங்கல், மின்சக்தி, மின்னோட்டம் மூன்றுக்கும் ஒரே சொல். பள்ளிக்கூடத்தில் மின்னோட்டம் என்று எழுதினாலும் தலைக்குள் ஓடுவது வீட்டுக் கரண்ட்தான். தின்னப்படுகிறது, முடிகிறது, காசு கொடுத்து வாங்கப்படுகிறது என்ற குணங்களெல்லாம் அந்தச் சொல்லோடு கூடவே வந்துவிடுகின்றன.

சரி, மேசைக்கு வருவோம்.

கிண்ணியாக்காரி கொஞ்ச நேரம் இரண்டு அம்பியர்மானிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுப் பாப்பமா?" என்றாள்.

நான் காத்திருந்த கேள்வி அது. மற்றவள் தோளைக் குலுக்கினாள். "மாத்தினா என்ன, முன்னுக்கு இருக்கிறது கூடத்தான் காட்டும்."

மாற்றினார்கள். இப்போது முன்னால் 0.28. பின்னால் 0.30.

ஒரு கணம் யாரும் பேசவில்லை. முதலில் வந்த கணக்கின்படி குமிழ் 0.02 அம்பியரைத் தின்றது. இரண்டாவது கணக்கின்படி அதே குமிழ் 0.02 அம்பியரை உண்டாக்கி அனுப்புகிறது. இரண்டும் சரியாக இருக்க முடியாது. 0.02 என்ற வித்தியாசம் குமிழோடு நிற்கவில்லை. அது ஒரு குறிப்பிட்ட அம்பியர்மானியோடு சேர்ந்து இடம் மாறிப்போனது. சுவிட்சை அணைத்து ஊசியைப் பார்த்தார்கள். அந்த மானியின் ஊசி சும்மா இருக்கும்போதே பூச்சியத்துக்கு ஒரு கோடு மேலே நின்றது. அளவுகோலில் ஒரு கோடு 0.02 அம்பியர். கண்ணாடிக்குக் கீழே உள்ள சின்னத் திருகாணியைத் திருப்பி ஊசியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து மறுபடி போட்டதும் இரண்டும் 0.28இல் நின்றன.

பாடசாலை ஆய்வுகூடத்து அம்பியர்மானிகள் இரண்டு ஒரே வாசிப்பைக் காட்டினால் அது அதிர்ஷ்டம். ஆகவே இந்தச் செய்முறையை அக்கறையோடு செய்யும் பிள்ளைதான் பிழையான முடிவுக்கு வருகிறது. கடனுக்குச் செய்கிற பிள்ளை புத்தகத்தைப் பார்த்து ஒரே எண்ணை இரண்டு இடத்திலும் எழுதிவிட்டுப் போய்விடும்!

உப்புவெளிக்காரி விடுவதாக இல்லை. "ரெண்டு மீற்றர் வேண்டாம். ஒரே மீற்றரால ரெண்டு இடத்திலயும் அளப்பம்."

அது நியாயமான யோசனைதான். அதிலும் ஒரு பொறி உண்டு. குமிழுக்கு முன்னால் வைத்தபோது 0.28. சுவிட்சை அணைக்காமல் கதைத்துக்கொண்டே இருந்துவிட்டு, கம்பியைக் கழற்றிப் பின்னால் மாட்டினால், இரண்டு கோடுகளுக்கு நடுவே 0.27. அவள் முகம் மலர்ந்தது. இம்முறை மற்றவள் முந்திக்கொண்டாள். "திரும்ப முன்னுக்கு வை." வைத்தார்கள். அங்கேயும் 0.27. இடையில் போன சில நிமிடங்களில் பழைய பற்றரி களைத்துப்போயிருந்தது. அளந்த இடத்தால் குறையவில்லை, அளந்த நேரத்தால் குறைந்தது. முன், பின், மறுபடி முன் என்று மூன்று தடவை அளந்தால்தான் இது பிடிபடும்.

மூன்றாவது அம்பு இரண்டு குமிழ்கள். தொடராக மாட்டினாள். முதலாவது பளிச்சென்று இல்லாவிட்டாலும் எரிந்தது. இரண்டாவதின் இழை செந்நிறமாகக் கனன்றது, அவ்வளவுதான். "முதல் குமிழ் தின்ட மிச்சம்தான் ரெண்டாவதுக்குப் போகுது. கண்ணால தெரியுதே." இதற்கும் அதே மருந்து. குமிழ்களை இடம் மாற்றியதும் மங்கலானது முன்னுக்கு வந்தது, மங்கலாகவே இருந்தது. கழுத்துகளைப் பார்த்தால் ஒன்றில் 0.2 அம்பியர், மற்றதில் 0.3 அம்பியர். 0.2 குமிழின் இழைக்குத் தடை அதிகம். ஒரே மின்னோட்டம் இரண்டிலும் போகும்போது தடை கூடியதில்தான் அதிக வெப்பம் பிறக்கும், அது வரிசையில் எங்கே இருந்தாலும். பற்றரியைத் திருப்பி மாட்டினாலும் படம் மாறாது. "முதலாவது" என்று ஒன்று இருந்தால் அது இப்போது கடைசியாகியிருக்க வேண்டுமே.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். மூன்று அம்புகளும் பிசகின என்பதால் எண்ணம் பிழை என்று ஆகிவிடாது, 0.02 இல்லாவிட்டாலும் மானிக்குத் தெரியாத அளவு ஏதாவது செலவாகலாமே என்று அவள் கேட்கலாம். கேட்டாள்தான். அதற்கு ஊசியால் பதில் சொல்ல முடியாது, கணக்கால் சொல்லலாம்.

மின்னோட்டம் என்பது ஒரு செக்கனில் கடந்துபோகும் ஏற்றத்தின் அளவு. குமிழுக்குள் 0.30 அம்பியர் போய் 0.28 அம்பியர் வெளியே வந்தால், ஒவ்வொரு செக்கனும் 0.02 கூலோம் ஏற்றம் உள்ளே தங்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் ஒரு சென்ரிமீற்றர் ஆரையுள்ள உலோகக் குண்டில் ஒரு கூலோமின் மூன்று கோடியில் ஒரு பங்கு தேங்கினாலே சுற்றியுள்ள காற்று தாங்காமல் பொறி பறக்கத் தொடங்கும். 0.02 அம்பியர் வேகத்தில் அந்த அளவு சேர, ஒரு செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட வேண்டியதில்லை. திருட்டு ஆயிரம் மடங்கு சிறியதாக இருந்தாலும் செக்கனில் நூறில் ஒரு பங்குக்குள் பிடிபட்டுவிடும். மேசையில் அந்தக் குமிழோ அரை மணித்தியாலமாகச் சாதுவாக எரிந்துகொண்டிருந்தது.

"தங்காம, இல்லாமலே போனா?" என்றாள் உப்புவெளிக்காரி.

ஏற்றம் இல்லாமல் போனதை இதுவரை எந்த அளவீட்டிலும் யாரும் கண்டதில்லை. ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்று 1845இல் எழுதி வைத்தவர் கிர்ச்சோஃப். அப்போது அவருக்கு 21 வயது, கோனிக்ஸ்பேர்க்கில் மாணவர். அதைக் கேட்டதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்தது முக்கியமான கேள்வி. உண்மையில் எதுவோ செலவாகத்தான் செய்கிறது. அவள் கேட்ட மூன்றும், அதாவது வெளிச்சம், முடிந்துபோகும் பற்றரி, பில் மூன்றும், உண்மையான கேள்விகள். மின்னோட்டம் குறைவதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தும் பாடம்தான் பிள்ளையை மறுபடி பழைய எண்ணத்துக்கே தள்ளுகிறது. செலவாவது எது என்று சொல்லியாக வேண்டும்.

கொட்டிலின் மூலையில் எட்டு மீற்றர் நைலோன் கயிறு கிடந்தது. இரண்டு முனையையும் முடிந்து ஒரு வளையமாக்கினோம். உப்புவெளிக்காரி ஒரு பக்கம் நின்று, கைமாற்றிக் கைமாற்றிக் கயிற்றை இழுத்துச் சுற்றவிட்டாள். அவள்தான் பற்றரி. எதிர்ப்பக்கம் கிண்ணியாக்காரி, ஓடும் கயிற்றை உள்ளங்கையால் லேசாகப் பிடித்துக்கொண்டாள். அவள் குமிழ்.

"ஆ... சுடுது!"

"எங்கட மாமாக்கும் இப்பிடித்தான்," என்றாள் உப்புவெளிக்காரி இழுத்துக்கொண்டே. "கரைவலைக் கயிறு கையில இருந்து வழுகினா உள்ளங்கை பொங்கிப் போகும்."

"அப்ப உள்ளங்கையைச் சுட வைக்கிறதுக்குக் கயிறு எத்தனை முழம் செலவாச்சுது?" என்று கேட்டேன்.

சிரித்தார்கள். ஒரு சாண்கூடக் குறையவில்லை. கைக்குள் போகும் கயிறும் வெளியே வரும் கயிறும் ஒரே வேகம். சூடு வந்தது இழுத்தவளின் உழைப்பிலிருந்து. களைத்துப்போவது அவள்தான்.

"இப்ப இறுக்கிப் பிடி," என்றேன். இறுக்கியதும் கயிறு முழுக்க மந்தமானது. கையைத் தாண்டிய பகுதி மட்டுமல்ல, கைக்கு வந்துகொண்டிருந்த பகுதியும் அதே நேரத்தில். இந்தக் காட்சியை ஆறுதலாகப் பார்க்க வேண்டும். செலவாகும் என்று நினைப்பவர்கள் மின்னோட்டத்தை வீதியால் போகும் ஆளைப்போல நினைக்கிறார்கள், முதல் கடையில் கொஞ்சக் காசு, அடுத்த கடையில் மிச்சக் காசு என்று. சுற்றில் அப்படி இல்லை. தடை எங்கே கூடினாலும் முழுச் சுற்றின் ஓட்டமும் ஒன்றாகக் குறையும். இரண்டாவது குமிழைத் தொடராக மாட்டியபோது முதலாவதும் மங்கியது இதனால்தான்.

சுவிட்ச் போட்டவுடன் குமிழ் எரிவதற்கும் இதே காரணம். ஒரு சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செம்புக் கம்பியில் 0.3 அம்பியர் போகும்போது இலத்திரன்கள் சராசரியாக நகர்வது செக்கனுக்கு ஏறத்தாழ 0.02 மில்லிமீற்றர். ஒரு சென்ரிமீற்றர் போக ஏழு எட்டு நிமிடம் ஆகும். பற்றரியிலிருந்து புறப்பட்டு வந்துதான் எரிக்க வேண்டும் என்றால் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். கம்பி முழுக்க இலத்திரன்கள் ஏற்கனவே நிறைந்திருக்கின்றன, வளையக் கயிறுபோல எல்லாம் ஒன்றாக நகரத் தொடங்குகின்றன.

கயிற்று உவமையை எல்லா இடத்துக்கும் இழுக்க முடியாது. சமாந்தரச் சுற்றில் ஓட்டம் இரண்டாகப் பிரியும், கயிறு பிரியாது. தொடர்ச் சுற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இழுத்தவளின் உழைப்பை எண்ணாக்கப் பார்த்தோம். குமிழின் இரண்டு முனைக்கும் வோல்ற்றுமானியை வைத்தால் 2.4 வோல்ற்று. இணைப்புக் கம்பியின் இரண்டு முனைக்கும் வைத்தால் ஊசி அசையவே இல்லை. 2.4 வோல்ற்று என்றால், குமிழைக் கடக்கும் ஒவ்வொரு கூலோமும் 2.4 யூல் சக்தியை அங்கே விட்டுவிட்டுப் போகிறது என்று அர்த்தம். செக்கனுக்கு 0.28 கூலோம் கடப்பதால் 0.67 யூல் அளவு சக்தி வெப்பமாகவும் கொஞ்சம் வெளிச்சமாகவும் போகிறது. ஏற்றம் அத்தனையும் வெளியே வருகிறது. உப்புவெளிக்காரி தேடிய செலவு அம்பியர்மானியில் அகப்படாமல் வோல்ற்றுமானியில் அகப்பட்டது.

பற்றரி முடிவதும் அப்படித்தான். அதற்குள் மின்னோட்டம் நிரப்பி வைக்கப்படவில்லை. சாதாரண உலர்கலத்தின் நாகக் கோப்பைதான் அரிபடுகிறது. 0.3 அம்பியரில் ஒரு மணித்தியாலம் எரித்தால் ஒவ்வொரு பற்றரியிலும் ஏறத்தாழ 0.37 கிராம் நாகம் கரைந்துபோகும். பழைய ரோச்சுக்குள் பற்றரி பொங்கி ஒழுகிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தக் கோப்பையில் ஓட்டை விழுந்திருக்கும்.

"அப்ப எங்கட வாப்பா பில் கட்டுறது எதுக்கு?" என்றாள் கிண்ணியாக்காரி. இதுவரை புத்தகத்தின் பக்கம் நின்றவள் இப்போது சந்தேகப்படத் தொடங்கியிருந்தாள். நல்ல அறிகுறி.

பில்லில் இருக்கும் ஒரு யூனிற் 36 இலட்சம் யூல் சக்தி. வாப்பா கட்டுவது அதற்குத்தான். வீட்டு மின்சாரத்தில் இலத்திரன்கள் செக்கனுக்கு 50 தடவை நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. நுரைச்சோலை மின்நிலையத்திலிருந்து ஒரு இலத்திரன்கூடப் புறப்பட்டுக் கிண்ணியாவுக்கு வந்து சேரவில்லை. கம்பிக்குள் இருக்கும் இலத்திரன்கள் கம்பியோடே வந்தவை.

உப்புவெளிக்காரி கடைசியாக ஒரு ஆட்சேபத்தை வைத்தாள். "பற்றரிக்குச் சரி சேர். வீட்டுக் கரண்டில யார் போய் ரெண்டு கம்பியிலயும் அளந்து பாத்தது?"

யாரும் அளக்கப் போகக் கூடாது, 230 வோல்ற்று விளையாட்டில்லை. ஆனால் ஒன்று இரவு பகலாக அதைத்தான் அளந்துகொண்டிருக்கிறது. மீற்றருக்குப் பக்கத்திலுள்ள ட்ரிப் சுவிட்ச். அதற்குள் ஒரு காந்த வளையம் இருக்கிறது. வீட்டுக்குள் போகும் உயிர்க்கம்பியும் திரும்பும் நொதுமற்கம்பியும் அந்த வளையத்துக்கு உள்ளாலேயே போகின்றன. இரண்டிலும் ஓட்டம் சமம் என்றால் ஒன்றின் காந்த விளைவை மற்றது இல்லாமலாக்கிவிடும், வளையம் சும்மா இருக்கும். யாராவது உயிர்க்கம்பியைத் தொட்டு, உடம்பு வழியாகக் கொஞ்சம் ஓட்டம் நிலத்துக்குப் போனால், திரும்பும் ஓட்டம் அந்தளவு குறையும். வித்தியாசம் 30 மில்லி அம்பியரைத் தொட்டால் சுவிட்ச் விழுந்தாக வேண்டும். 0.03 அம்பியர், எங்கள் சண்டை தொடங்கிய அளவைவிட ஒரு துளி கூட.

"உங்கட வீட்டில அயன் எத்தனை வாற்று?" என்று கேட்டேன்.

"ஆயிரம்."

ஆயிரத்தை 230ஆல் பிரிக்கச் சொன்னேன். 4.35 அம்பியர் என்றாள். அதில் நூறில் ஒரு பங்கை மட்டும் அயன் தின்றால்? கொப்பியின் ஓரத்தில் எழுதினாள், 0.043. கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அயன் போட்ட உடன வீடு இருட்டாகும்," என்றாள்.

"எங்கட வீட்டில அப்பிடி ஆகுதுதான்," என்றாள் கிண்ணியாக்காரி. "போன கிழமையில இருந்து."

அது வேறு கதை. அந்த அயனில் எங்கோ கசிவு இருக்கிறது, ஓட்டம் புவிக்கம்பி வழியாக வெளியேறுகிறது. திருத்தும் வரை அதைத் தொட வேண்டாம் என்று வாப்பாவிடம் சொல்லச் சொல்லி அனுப்பினேன்.